பல் கிளிப் வீடியோ பார்த்துவிட்டுப் போன குழந்தைக்கு அன்று இரவு நடந்தது

மன்னார்குடி அம்மா

மகளுக்கு 11 வயது, மேல்பல் எடுப்பு. தஞ்சாவூரில் ஒரு கிளினிக்கில் கிளிப் போட முடிவாயிற்று. முதல் நாளே வரவேற்பறை டிவியில் குழந்தைகளுக்கான வீடியோவைப் போட்டார்கள். நீங்களும் பார்த்திருப்பீர்கள். கண்ணும் வாயும் வைத்த பற்கள் வரிசையாக நின்று பாடும். ஒரு சிறுமி சிரித்துக்கொண்டே நாற்காலியில் ஏறுவாள், இறங்கியதும் "வலிக்கவே இல்லை" என்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவாள். என் மகளுக்கு அதைப் பார்த்துத்தான் பயம் தெளிந்தது. அன்று கடைவாய்ப் பற்களுக்கு இடையில் சின்ன ரப்பர் வளையங்களை மட்டும் செருகி அனுப்பினார்கள். கிளிப் அடுத்த வாரம்.

இரவு சாப்பிட உட்கார்ந்தவள் முதல் கவளத்தைக் கடித்ததும் நிறுத்திவிட்டாள். அழவில்லை. சோற்றைத் தட்டிலேயே துப்பிவிட்டு, "அந்த அக்கா பொய் சொல்லியிருக்கிறாள்" என்றாள். அந்த முகத்தை என்னால் மறக்க முடியவில்லை. அடுத்த வாரம் நாற்காலியில் வாயைத் திறக்கவே மறுத்தாள். டாக்டர் இதமாகத்தான் பேசினார். ஆனால் அவர் என்ன சொன்னாலும் அது வீடியோவின் தொடர்ச்சியாகவே அவளுக்குத் தெரிந்தது. இப்படி வேறு யாருக்காவது நடந்திருக்கிறதா?

திருவையாறு ஓய்வுபெற்ற ஆசிரியர்

அம்மா, முதலில் ஒன்று. 11 வயதில் கிளிப்பே அவசரம். பால்பற்கள் முழுவதும் விழுந்து, நிலைப்பற்கள் எல்லாம் முளைத்த பிறகுதான் கம்பி கட்ட வேண்டும். என் பேரனுக்கும் அப்படித்தான் காத்திருந்தோம். அவன் வீடியோ பார்க்கும்போதே தூங்கிவிட்டான், பயமெல்லாம் இல்லை.

என் அனுபவத்தில், பிள்ளைகளை இதற்கு வீட்டிலேயே பழக்க வேண்டும். ஒரு வாரம் முன்பிருந்தே தினமும் இரண்டு நிமிடம் வாயைத் திறந்தபடி மூக்கால் மூச்சு விடச் சொல்லுங்கள். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கப் பழக்குங்கள். விரல் சூப்பும் பழக்கம் இருந்தால் அதை முதலில் நிறுத்துங்கள், இல்லையென்றால் எத்தனை ஆயிரம் செலவழித்துக் கம்பி கட்டினாலும் பல் பழையபடி முன்னால் வந்துவிடும். கிளினிக்குக்குப் போகும் நாளில் வெறும் வயிற்றோடு அழைத்துப் போகாதீர்கள். வலி பற்றி மட்டும் முன்கூட்டியே வாய் திறக்காதீர்கள். வலிக்கும் என்று சொன்னால், ஒன்றும் செய்வதற்கு முன்பே பிள்ளைக்கு வலிக்கத் தொடங்கிவிடும். 30 ஆண்டுகள் வகுப்பறையில் பார்த்தவன் சொல்கிறேன்.

கும்பகோணம் பல் சீரமைப்பு மருத்துவர்

ஐயா, விரல் சூப்புவது பற்றியும் வெறும் வயிறு பற்றியும் நீங்கள் சொன்னது சரி. வயது விஷயத்தில் பாதிதான் சரி. முழுக் கிளிப்புக்குப் பெரும்பாலும் நிலைப்பற்கள் வரும்வரை காத்திருப்போம். ஆனால் மேல்பல் கீழ்ப்பல்லுக்கு உள்பக்கமாகக் கடிப்பது போன்ற சில கோளாறுகளைப் பால்பற்கள் இருக்கும்போதே சரிசெய்ய வேண்டியிருக்கும். பல பெண்பிள்ளைகளுக்கு 11 வயதிலேயே தேவையான பற்கள் வந்துவிடுகின்றன. வாயைப் பார்க்காமல் வயதை மட்டும் வைத்து அவசரம் என்று சொல்லிவிட முடியாது.

அம்மா, அந்த வீடியோவின் நாற்காலிக் காட்சியில் பொய் இல்லை. கிளிப் ஒட்டும் நாளில் உதடுகளை விலக்கிப் பிடிக்க ஒரு பிளாஸ்டிக் வளையம் வைப்போம். கண்ணாடியில் அந்த முகத்தைக் காட்டினால் பிள்ளைகளே சிரித்துவிடுவார்கள். பல்லில் நீல நிற ஜெல்லை அரை நிமிடம் போலப் பூசிவைப்போம், நாக்கில் பட்டால் புளிக்கும். கழுவிக் காற்றால் உலர்த்தினால் அந்த இடம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளுத்துத் தெரியும். பிறகு பசை வைத்து, கம்பியைத் தாங்கும் சின்னத் துண்டான பிராக்கெட்டை ஒட்டி, நீல விளக்கால் இறுகச் செய்வோம். ஊசி கிடையாது, துளை போடும் மெஷின் கிடையாது.

வலி பிறகுதான் வரும். ரப்பர் வளையமோ கம்பியோ பல்லை அழுத்தத் தொடங்கிய சில மணி நேரம் கழித்து, வேரைச் சுற்றியிருக்கும் நார்த்திசு நசுங்கி வலிக்க ஆரம்பிக்கும். பல்லைத் தொட்டால் அவ்வளவாக இருக்காது, கடித்தால்தான் தெரியும். மறுநாள்தான் அதிகம். அதன் பிறகு குறைந்துகொண்டே வந்து பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் அடங்கிவிடும். வீடியோ நாற்காலியோடு முடிந்துவிடுகிறது, வலி வீட்டில் வருகிறது. உங்கள் மகள் பொய் என்று சொன்னதற்குக் காரணம் அந்த இடைவெளிதான். அதுவும் முதல் வலி கிளிப்பால் வருவதில்லை, ரப்பர் வளையத்தால் வருகிறது. நான் பார்த்த பல வீடியோக்களில் அந்த வளையமே இல்லை.

தஞ்சாவூர் குறும்பட எழுத்தாளர்

நான் இப்படி ஒரு வீடியோவுக்கு ஸ்கிரிப்ட் எழுதியிருக்கிறேன். ஊரும் கிளினிக்கும் வேண்டாம். கொடுத்த குறிப்பு மூன்றே வரிதான்: சிரிக்கும் குழந்தை, பேசும் பல், "பயப்படாதே". நடிக்க அழகான பல்வரிசை உள்ள ஒரு விளம்பரக் குழந்தையை அழைத்து வந்தார்கள். கிளிப்பே தேவைப்படாத பிள்ளை, பளபளவென்று ஒட்டுக்கிளிப்போடு சிரித்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தான் கிளிப் போட்டிருந்த இன்னொரு பையன், ஊழியர் ஒருவரின் மகன். "மறுநாள் கஞ்சிதானே குடித்தேன், அதை ஏன் எடுக்கவில்லை?" என்று கேட்டான். மொத்தப் படப்பிடிப்பிலும் உருப்படியான கேள்வி அதுதான்.

அவனையே நடிக்க வைத்தோம். ஏறும்போது அவன் நாற்காலிக் கைப்பிடியை இறுக்கிப் பிடிக்கிறான். காற்று அடிக்கும்போது கண்ணைச் சுருக்குகிறான். இடது கையைத் தூக்கினால் டாக்டர் நிறுத்துவார் என்று முன்பே பேசிவைத்திருக்கிறார்கள், அவன் ஒருமுறை தூக்குகிறான், டாக்டர் நிறுத்துகிறார். பயந்து, பிறகு சமாளிக்கும் பிள்ளையைப் பார்த்தால்தான் பயந்த பிள்ளைக்கு வழி தெரியும். பயமே இல்லாத பிள்ளையைப் பார்த்தால், தனக்கு மட்டும்தான் ஏதோ குறை என்று அது நினைத்துக்கொள்ளும். அடுத்த காட்சி மறுநாள் காலை, வீட்டுச் சமையலறை. சாம்பாரில் ஊறிய இட்லியை முன்பல்லால் கடிக்காமல் நாக்கால் நசுக்கிச் சாப்பிடுகிறான். பின்னணியில் அவன் குரல்: "நாற்காலியில் வலிக்கவில்லை. இன்றைக்குக் கடித்தால் வலிக்கிறது. நாளைக்கும் கொஞ்சம் இருக்குமாம். அதன் பிறகு குறையுமாம்."

உரிமையாளர் அந்தக் காட்சியை வெட்டச் சொன்னார், பார்த்துவிட்டு ஓடிவிடுவார்கள் என்றார். நான் வெட்ட மறுத்தேன். கடைசியில் வரவேற்பறையில் ஓடும் பதிப்பில் அது இல்லை, பெற்றோருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும் பதிப்பில் இருக்கிறது. ஆசிரியர் ஐயா, இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

திருவையாறு ஓய்வுபெற்ற ஆசிரியர்

உரிமையாளர் பக்கம்தான் நான். இட்லிக் காட்சியை வலி வந்த பிறகு காட்டுங்கள். முன்னதாகக் காட்ட வேண்டாம்.

கும்பகோணம் பல் சீரமைப்பு மருத்துவர்

வலி வந்த பிறகு காட்டினால் அது சமாதானம் ஆகிவிடும் ஐயா. சொல்லிக் காட்டிச் செய்வது என்று பிள்ளைகளுக்கான பல் மருத்துவத்தில் ஒரு முறை உண்டு. 1959-இல் அடில்ஸ்டன் எழுதியது, இன்றும் அதைத்தான் கற்பிக்கிறோம். அதில் சொல்வது முதலில் வருகிறது. எவ்வளவு வலிக்கும் என்று நான் அளந்து சொல்வதில்லை, எப்போது வரும், எதைச் செய்தால் வரும், எப்போது போகும் என்பதை மட்டும் சொல்வேன். மிகவும் பயந்த சில பிள்ளைகளிடம் இதுவும் பலிப்பதில்லை, அதை மறுக்கவில்லை.

நாகப்பட்டினம் அப்பா

எங்களுக்கு வேறு மாதிரி. என் மகனுக்கு இடம் போதாமல் நான்கு பற்களை எடுத்துவிட்டுத்தான் கிளிப். வீடியோவில் கண் வைத்த இரண்டு பற்கள் மற்றப் பற்களிடம் கையசைத்துவிட்டு மறைந்துபோகும். பாட்டு நிற்காமல் ஓடும். பையன் என்னிடம், "அவர்கள் எங்கே போனார்கள்?" என்று கேட்டான். "அவை" என்றுகூடச் சொல்லவில்லை. பல் எடுக்கும் அறையில் ஊசியைப் பார்த்ததும், "ஊசி கிடையாது என்று அந்தப் பல் சொன்னதே" என்று டாக்டர் கையைத் தட்டிவிட்டான். 12 வயதுப் பையன். பிறகு பேசிப் பேசித்தான் சம்மதிக்க வைத்தோம்.

தஞ்சாவூர் குறும்பட எழுத்தாளர்

ஐயா, அந்த வரி கிளிப் ஒட்டுவதற்கு மட்டுமே பொருந்தும். பல் எடுக்கும் பிள்ளைக்கு அதே வீடியோவைக் காட்டவே கூடாது, அவர்களுக்குத் தனியாக ஒன்று வேண்டும். முகம் வைத்த பல் ஐந்தாறு வயதுக் குழந்தைக்குப் பல் துலக்கக் கற்றுக்கொடுக்க நல்லது. கிளிப் போடும் வயதில் அது பிள்ளைத்தனமாகவும் இருக்கும், பல் எடுக்கும்போது கொடூரமாகவும் ஆகிவிடும். நான் பல்லை முகமில்லாமல், ஈறை வெட்டிக் காட்டியது போல வரையச் சொல்வேன். அழுத்தும் பக்கத்தில் எலும்பு கரைகிறது, மறுபக்கத்தில் புதிதாக வளர்கிறது. அதைப் பத்து வயதுப் பிள்ளை நன்றாகவே புரிந்துகொள்ளும்.

மயிலாடுதுறைக்காரன்

தை மாதம் எனக்குக் கல்யாணம், வயது 26. அந்த வீடியோவில் பத்து விநாடியில் பல் நேராகிறதே, எனக்கு மூன்று மாதம் போதுமா? புகைப்படத்தில் கம்பி தெரியக்கூடாது.

கும்பகோணம் பல் சீரமைப்பு மருத்துவர்

போதாது தம்பி. எடுத்த பல்லின் இடத்தை மூடும்போது மாதத்துக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான் நகரும். முழுச் சிகிச்சைக்குப் பொதுவாக ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு. கல்யாணம் முடிந்து தொடங்குங்கள், அல்லது பல்லின் நிறத்திலேயே இருக்கும் பிராக்கெட் பற்றி உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். அனிமேஷனில் பல் நகரும்போது மூலையில் நாட்காட்டித் தாள் புரண்டால் நன்றாக இருக்கும். பிள்ளைகளும் அடுத்த மாதமே கழற்றலாம் என்று நினைத்துத்தான் வருகிறார்கள்.

நீடாமங்கலம் அப்பா

எங்கள் வீடியோவில் சாப்பிடக்கூடாதவை என்று பாப்கார்னும் பீட்சாவின் ஓரமும் காட்டினார்கள். கரும்பு இல்லை. பொங்கலன்று வாசலில் சார்த்திய கரும்பை ஒடித்துக் கடவாயால் தோலை உரித்தாள் என் மகள். ஒரு பிராக்கெட் கழன்று கம்பியிலேயே சுற்றிக்கொண்டு தொங்கியது. கிளினிக் விடுமுறை. கம்பி கன்னத்தில் குத்திக்கொண்டே இருந்தது, என்ன செய்வதென்று தெரியாமல் தவித்தோம். சீடை, முறுக்கு, கரும்பு இல்லாத பட்டியல் இந்த ஊர்ப் பிள்ளைக்கு எதற்கு?

கும்பகோணம் பல் சீரமைப்பு மருத்துவர்

அந்த நேரத்தில் பிராக்கெட்டைப் பிடுங்க முயலாதீர்கள். குத்தும் இடத்தைச் சுத்தமான பஞ்சால் துடைத்து உலர்த்தி, கிளினிக்கில் கொடுத்த மெழுகை உருட்டி அதன் மேல் அழுத்திவிடுங்கள். ஈரமிருந்தால் ஒட்டாது. கழன்ற துண்டை விழுங்கிவிட்டால் பெரும்பாலும் மலத்தோடு வெளியேறிவிடும், ஆனால் இருமலோ மூச்சுத்திணறலோ வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கிளிப் கழற்றும்வரை கரும்பு வேண்டாம் என்பதே என் கருத்து.

திருவையாறு ஓய்வுபெற்ற ஆசிரியர்

தோலைச் சீவிச் சின்னத் துண்டாக நறுக்கிக் கொடுத்தால் என்ன? பொங்கலுக்குக் கரும்பே இல்லை என்று பிள்ளையிடம் எப்படிச் சொல்வது?

நீடாமங்கலம் அப்பா

நறுக்கியும் கொடுத்துப் பார்த்தோம் ஐயா. மெல்லும்போது சக்கை கம்பியில் சிக்கிக்கொள்கிறது, எடுக்க அரை மணி நேரம் ஆகிறது. இப்போது சாறு மட்டும்தான். குடித்ததும் வாய் கொப்பளிக்கச் சொல்கிறோம்.