ஸ்வெட்டர் கையின் மேல்வளைவு தோளில் சுருங்குகிறது, எப்படிச் சரிசெய்வது?

வணக்கம். தனியாகப் பின்னிய கையை உடலோடு தைத்ததும் தோள் உச்சியில் கொசுவம் விழுகிறது. இரண்டு முறை பிரித்துத் தைத்தாயிற்று, பலனில்லை.

பிறகுதான் டேப்பை ஓரமாக நிறுத்தி, வளைவின் விளிம்போடு ஓட்டி அளந்தேன் (இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும்!). கைத்துளைச் சுற்றளவு 45 செ.மீ., கையின் வளைவு கிட்டத்தட்ட 50. அந்த 5 செ.மீ.தான் கொசுவமாகிறது.

10 செ.மீ.க்கு 20 கண்ணி, 28 வரிசை வருகிறது. அக்குளில் பக்கத்துக்கு 5 கண்ணி மூடினேன், உடலிலும் அதே 5. பிறகு வரிசை விட்டு வரிசை ஒரே சீராகக் குறைத்து, 16 செ.மீ. உயரத்தில் மீதி 14 கண்ணியை மூடினேன். வளைவு மணி போல வராமல் கூரை போல நிற்கிறது.

இப்போது உயரத்தை 13 செ.மீ., அதாவது 36 வரிசையாக்க நினைக்கிறேன். பக்கத்துக்கு 20 கண்ணி குறைய வேண்டும்: முதலில் வரிசை விட்டு வரிசை 6 முறை, நடுவில் நான்கு வரிசைக்கு ஒன்றாக 3 முறை, மறுபடி வரிசை விட்டு வரிசை 3 முறை, கடைசி 6 வரிசையில் 3, 3, 2 என மூடுவது.

நடுப்பகுதி இன்னும் செங்குத்தாக நிற்க வேண்டுமா? உச்சியில் 14 கண்ணி போதுமா? பின்னிப் பார்த்தவர்கள் சொல்லுங்களேன்.