ஐ.சி.யு. கிருமி: உள்ளே உருவானதா, வெளியிலிருந்து வந்ததா?

செவ்வந்தி: ஒரு நோயாளி டிஸ்சார்ஜ் ஆகி மூன்று வாரம் கழித்து, அவரை நேரில் பார்த்தே இராத இன்னொருவருக்கு மருந்துக்குக் கட்டுப்படாத அதே வகை கிருமி. நிறைய ஆன்டிபயாடிக் எடுத்ததால் இரண்டாமவர் உடம்பிலேயே உருவானது என்று சொல்லலாமா?

மாறன்: தாராளமாக. மருந்து கொடுக்கக் கொடுக்க, சாகாத கிருமி மட்டும் மிஞ்சிப் பெருகும். இதில் மர்மமே இல்லை.

லேப் வாசுகி: சில மருந்துகளுக்கு அது சரி. ஆனால் கார்பபெனெம் என்ற வலுவான ஆன்டிபயாடிக்கைத் துண்டிக்கும் கேபிசி நொதி கிருமிக்குக் கிடைக்க, மரபணுவில் ஒன்றிரண்டு பிறழ்வு போதாது. அதற்கான மரபணு பெரும்பாலும் பிளாஸ்மிட் என்ற சின்ன டிஎன்ஏ வளையத்தில் வெளியிலிருந்து வந்தாக வேண்டும்.

2011-இல் அமெரிக்க அரசின் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனமான என்ஐஎச்சின் மருத்துவமனையில் நடந்ததும் இதுதான். கேபிசி உள்ள கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியாவோடு ஜூனில் ஒரு பெண் வந்தார். தனிமைப்படுத்தியே வைத்திருந்தார்கள், ஜூலையில் வீட்டுக்குப் போய்விட்டார். ஆகஸ்டில் வேறொருவரிடம் அதே வகை கிருமி. தனியாக வந்ததோ என்ற சந்தேகம் அங்கேயும் எழுந்தது. சுமார் 60 லட்சம் எழுத்துள்ள மரபணுத் தொகுதியை முழுவதும் படித்தார்கள். முதல் பெண்ணின் தொண்டைக் கிருமிக்கும் உடம்பின் வேறு இடத்துக் கிருமிக்குமே சில எழுத்துகள் வேறுபட்டன. அந்த வேறுபாடுகளைப் பிடித்துக்கொண்டு போனபோது, அவரிடமிருந்து குறைந்தது மூன்று முறை தனித்தனியாகப் பரவியது தெரிந்தது. மொத்தம் 18 பேர். 11 பேர் இறந்தார்கள், அதில் 6 மரணங்கள் இந்தத் தொற்றால்.

கதிர்: என் அப்பாவுக்கும் ஆசனவாய் ஸ்வாப் எடுத்துவிட்டுத் தனி அறைக்கு மாற்றினார்கள். காய்ச்சலே இல்லை. தேவையில்லாத அலைக்கழிப்பு!

லேப் வாசுகி: காய்ச்சல் இல்லாதவர்தான் சிக்கலே, கதிர். குடலில் சத்தமில்லாமல் கிருமியைச் சுமப்பவரை ஸ்வாப் எடுக்காமல் யாரும் கண்டுபிடிக்க முடியாது. அந்த மூன்று வார இடைவெளியை நிரப்பியதும் இப்படிப்பட்டவர்களாக இருக்கலாம்.

மாறன்: சரி, பரவியது என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் எல்லோரும் ஒழுங்காகக் கை கழுவினால் முடிந்தது.

லேப் வாசுகி: கை கழுவும் தொட்டியிலேயே இருந்தால்? என்ஐஎச்சில் சுத்தம் செய்த வென்டிலேட்டரிலும் தொட்டி வடிகால்களிலும் அதே கிருமி கிடைத்தது. வர்ஜீனியாவில் ஒளிரும் ஈ.கோலை என்ற பாக்டீரியாவைத் தொட்டியின் வளைகுழாயில் விட்டுப் பார்த்தார்கள். நாளுக்கு ஏறத்தாழ ஓர் அங்குலம் என்று படலமாக மேலேறியது. வடிகட்டித் தட்டை எட்டிய பிறகுதான் குழாய்த் தண்ணீர் பட்டு வெளியே தெறித்தது. அந்தப் படலத்துக்குள் கிளெப்சியெல்லா தன் பிளாஸ்மிட்டை என்டெரோபாக்டர் என்ற வேறொரு பாக்டீரியாவுக்குக் கொடுத்துவிட்டால், லேப் ரிப்போர்ட்டில் வேறு கிருமி என்றுதான் வரும். பரவல் என்றே யாருக்கும் தோன்றாது.

மாறன்: வடிகாலில் இருந்தது நோயாளியிடமிருந்து போனதாகவும் இருக்கலாமே?

லேப் வாசுகி: இருக்கலாம். என்ஐஎச் விஷயத்தில் எது முதலில் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது.

மாறன்: அப்புறம் என் வாதத்தை முழுசாகத் தள்ளிவிடாதீர்கள். ஆன்டிபயாடிக் குடலின் மற்ற பாக்டீரியாக்களைக் கொன்றுவிட்டால், வந்த கிருமிக்கு இடம் காலி.

லேப் வாசுகி: அது உண்மை. ஆனால் வருவதற்கு ஒரு வழி வேண்டும். செவ்வந்தி, அந்த இரண்டு பேரும் ஒரே வார்டா? இடையில் அங்கே இருந்தவர்களுக்கு ஸ்வாப் எடுத்தார்களா?

செவ்வந்தி: ஒரே வார்டுதான். ஸ்வாப் யாருக்கும் எடுக்கவில்லை.