தோழியிடம் இதை எப்படிச் சொல்வது?

எனக்கு இன்னும் ஆறு வாரத்தில் தேர்வு. ஞாயிறுதோறும் சந்திக்கும் தோழியிடம், அதுவரை வர முடியாது என்று சொல்ல வேண்டும். போன தேர்வின்போது "கொஞ்சம் பிஸி, அப்புறம் பார்க்கலாம்" என்று மட்டும் அனுப்பினேன். வாராவாரம் "இந்த ஞாயிறு வர்றியா?" என்று கேட்டாள், வாராவாரம் மறுத்தேன். நான்காவது வாரம் கேட்பதையே நிறுத்திவிட்டாள். அது இன்னும் வலிக்கிறது. எப்போது முடியும் என்று சொல்லாததுதான் தப்பு என்று நினைக்கிறேன்.

இந்த முறை இப்படி எழுதி வைத்திருக்கிறேன்:

"14ஆம் தேதி தேர்வு முடியுது. அதுவரை ஞாயிறு வர முடியாது. 15ஆம் தேதி முழுக்க உன்னோடதான். நடுவில் புதன் ராத்திரி பத்து நிமிஷம் நானே கூப்பிடுறேன்."

ஒரு புதன் தவறிவிட்டால் இன்னும் மோசமாகிவிடுமோ? அந்த வரியை எடுத்துவிடலாமா? அப்புறம், இதை அனுப்புவதா, நேரில் சொல்வதா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.