சர்வீஸ் செலவு: 10,000 கி.மீ. வண்டியா, 15,000 கி.மீ. வண்டியா?

புதுவண்டி: ரெண்டு பெட்ரோல் கார்ல ஒண்ண முடிவு பண்ணணும், சர்வீஸ் செலவுலதான் மாட்டிட்டு நிக்கிறேன். முதல் மாடலுக்கு 10,000 கி.மீ. இல்லன்னா 12 மாசம், எது முன்னாடி வருதோ அது. ரெண்டாவதுக்கு 15,000 இல்லன்னா அதே 12 மாசம். ஒரு தடவை விட்டா முதலாவதுக்கு 3 பங்கு செலவுன்னா ரெண்டாவதுக்கு 4 பங்கு. 60,000 கி.மீ.க்குக் கணக்குப் போட்டா 6 தடவைக்கு 18, 4 தடவைக்கு 16, அப்போ ரெண்டாவதுதானே லாபம்?

நெடுஞ்சாலை: ஆமாங்க, இடைவெளி அதிகமா இருந்தா எப்பவுமே செலவு கம்மிதான். நான் வருஷத்துக்கு 20,000 ஓட்டுறேன், அடிக்கடி சர்வீஸ் விடுற தொல்லையே இல்ல.

கிரீஸ்கை: உங்க ஓட்டத்துக்கு அது சரி, எப்பவுமேன்னு சொல்லாதீங்க. புதுவண்டி, நீங்க வருஷத்துக்கு எவ்வளவு ஓட்டுவீங்க?

புதுவண்டி: 8,000 தாண்டாது.

கிரீஸ்கை: அப்போ கி.மீ.யே உங்களுக்கு வேலை செய்யாது, ரெண்டு வண்டியுமே 12 மாசத்துலதான் சர்வீஸுக்குப் போகும். 5 வருஷத்துல ரெண்டுக்கும் 5 தடவை, முதலாவது 15 பங்கு, ரெண்டாவது 20. நெடுஞ்சாலை மாதிரி 20,000 ஓட்டுனா 1,00,000 கி.மீ.க்குள்ள முதலாவது 10 தடவை 30 பங்கு, ரெண்டாவது 6 தடவை 24, அங்க அது ஜெயிக்குது. ஆனா அந்த 3, 4 எந்த சர்வீஸோட ரேட்? எல்லா தடவையும் ஒரே செலவு ஆகாது. ஆயில், ஆயில் ஃபில்டரோட முடியுறது ஒண்ணு, ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக் மாத்துற பெரிய சர்வீஸ் ஒண்ணு. பிரேக் ஃப்ளூயிட் நிறைய மாடல்ல 2 வருஷக் கணக்கு, கம்மியா ஓட்டுனாலும் மாத்தியே ஆகணும். ஓனர் மேனுவல்ல மெயின்டனன்ஸ் ஷெட்யூல் டேபிளை எடுத்து, அந்த 5 தடவைக்கும் தனித்தனியா எஸ்டிமேட் கேளுங்க.

ரெண்டுசக்கரம்: என் பைக்குக்கு 3 சர்வீஸ் ஃப்ரீன்னாங்க, பில்லு வந்துச்சே! ஃப்ரீ சர்வீஸ் நிறைய இருக்குற மாடலா பாத்து வாங்குங்க.

கிரீஸ்கை: ஃப்ரீன்னா பெரும்பாலும் லேபர் மட்டும்தாங்க, ஆயிலுக்கும் ஃபில்டருக்கும் காசு உண்டு. எஸ்டிமேட்லயும் அதைப் பாருங்க, இன்ஜின் ஃப்ளஷ், ஏசி க்ளீனிங்னு ஷெட்யூல்ல இல்லாத ஐட்டம் இருந்தா எடுக்கச் சொல்லிட்டு அப்புறம் ஒப்பிடுங்க, ஒரு இடத்துல அது சேர்ந்து இன்னொரு இடத்துல சேரலன்னா ஒப்பீடே தப்பாயிடும்.

புதுவண்டி: இப்ப புரியுது, நன்றிங்க. ரெண்டு பேர்கிட்டயும் 5 தடவைக்கும் பிரிச்சுக் கேக்குறேன். ஒரே ஒரு சந்தேகம், எனக்கு தினமும் 3, 4 கி.மீ. ஓட்டம்தான், அதுவும் முழுக்க டிராஃபிக். மேனுவல்ல கடுமையான பயன்பாட்டுக்குன்னு தனி டேபிள் இருக்காமே, அதுல நான் வருவேனா?

நெடுஞ்சாலை: அதெல்லாம் டாக்ஸிக்குதாங்க.

கிரீஸ்கை: இல்லங்க, இன்ஜின் நல்லா சூடாகுறதுக்குள்ள நிறுத்துற குட்டி ஓட்டத்தையும் நிறைய மேனுவல்ல அதுலதான் சேக்குறாங்க. உங்க ரெண்டு மாடல்லயும் என்ன போட்டிருக்குன்னு பாத்துட்டு வந்து சொல்லுங்க, ஒண்ணுக்கு 6 மாசம்னு இருந்துட்டா மேல போட்ட 15-20 கணக்கே மாறிடும்.