நான்கு பேர் கையெழுத்து, ஒருவர் ஒட்டிய அத்தியாயம்: மதிப்பெண்ணை எப்படிப் பிரிப்பது?

கிணற்றுநீர்

இறுதியாண்டுத் திட்டத்தின் வாய்மொழித் தேர்வு முடிந்துவிட்டது. ஆனாலும் வெளித்தேர்வாளர் கேட்ட ஒரு கேள்வி என்னை விட்டுப் போகவில்லை. தருமபுரி மாவட்டத்துக் கிணறுகளில் ஃபுளோரைடு அளவைக் கண்டறிவதுதான் எங்கள் தலைப்பு. மாதிரி சேகரிப்பும் ஆய்வகச் சோதனையும் மூவர் செய்தோம். செய்முறை அத்தியாயத்தை எழுதும் பொறுப்பை நான்காமவர் ஏற்றுக்கொண்டார். அந்த அத்தியாயத்தைப் புரட்டிக்கொண்டிருந்த தேர்வாளர், "ஃபுளோரைடு எலக்ட்ரோடைக் காட்டுங்கள்" என்றார். எங்கள் துறையில் அப்படி ஒரு கருவியே கிடையாது என்று ஆய்வக உதவியாளர் அண்ணன் அங்கேயே சொல்லிவிட்டார். நாங்கள் பயன்படுத்தியது ஃபுளோரைடு பட்டால் நிறம் மாறும் ஸ்பாட்ன்ஸ் சாயமும் அந்த நிறத்தை அளக்கும் ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டரும். அறிக்கையிலோ எலக்ட்ரோடை எப்படிக் கழுவ வேண்டும் என்பது வரை ஒரு பக்கம் அழகாக எழுதப்பட்டிருந்தது. சாட்ஜிபிடியில் எடுத்து ஒட்டியதாக அவர் பின்னர் ஒப்புக்கொண்டார். அறிக்கைக்கான மதிப்பெண் நால்வருக்கும் ஒரே அளவில் குறைக்கப்பட்டது. மற்ற குழுக்களில் இதை எப்படித் தீர்த்தார்கள் என்று அறிய விரும்புகிறேன்.

இரண்டாம்பக்கம்

நண்பரே, இதில் தீர்ப்பதற்கு என்ன இருக்கிறது? அறிக்கையின் உறுதிமொழிப் பக்கத்தில் நால்வரும் கையெழுத்திட்டிருப்பீர்கள். எங்கள் குழுவிலும் இப்படித்தான் நடந்தது. நால்வருக்கும் குறைத்தார்கள், அதுவே சரி. மேலும் இதைக் கண்டுபிடிக்க மென்பொருள் இருக்கிறது. 10 விழுக்காட்டுக்கு மேல் போனால் தண்டனை உண்டு என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-லேயே விதி வகுத்துவிட்டது. அந்தச் சோதனையை முன்கூட்டியே செய்திருந்தால் யார் எழுதிய பகுதி என்பதும் தெரிந்திருக்கும், உங்கள் மதிப்பெண்ணும் தப்பியிருக்கும்.

வேதியியல் ஆசிரியை

இரண்டாம்பக்கம் அவர்கள் சொல்லும் 2018 விதி, வேறொருவர் எழுத்தோடு உள்ள ஒப்புமையைப் பற்றியது. இயந்திரம் புதிதாக உருவாக்கும் வாக்கியங்கள் பழைய ஆவணம் எதனோடும் பொருந்தாமல் போகலாம் என்பதால், இத்தகைய அத்தியாயம் ஒப்புமைச் சோதனையில் மிகக் குறைந்த விழுக்காட்டோடு வெளியே வந்துவிடும். இயந்திர எழுத்தைக் கண்டறிவதாகச் சொல்லும் கருவிகள் வேறு வகை. அவை தருவது ஊகம் மட்டுமே. ஓப்பன்ஏஐ நிறுவனமே தன் கண்டறியும் கருவியைத் துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் விலக்கிக்கொண்டது. அந்த எண்ணை வைத்து ஒரு மாணவரின் மதிப்பெண்ணில் கைவைக்க நான் துணிய மாட்டேன்.

நான் மதிப்பிட்ட ஒரு குழுவில் இதே போன்ற சிக்கல் வந்தது. எங்கள் துறையில் 100 மதிப்பெண்ணில் 50 அறிக்கைக்கு. அது நால்வருக்கும் பொது. மீதி 50 தனியாள் வாய்மொழிக்கும் இடைக்கால மறுஆய்வுகளுக்கும் உரியது. பிழையான அத்தியாயம் இல்லாவிட்டால் அறிக்கைக்கு 40 கொடுத்திருப்பேன். செய்யாத சோதனையைச் செய்ததாக எழுதியிருந்ததால் 34 கொடுத்தேன். அந்த 6 மதிப்பெண் இழப்பு, கையெழுத்திட்ட நால்வருக்கும் உரியது. இந்த அளவில் இரண்டாம்பக்கம் அவர்களோடு உடன்படுகிறேன். தனியாள் பகுதியில் மூவர் 38 முதல் 42 வரை பெற்றார்கள், ஒட்டியவர் 15 பெற்றார். கருவியைப் பயன்படுத்தினார் என்பதற்காக நான் குறைக்கவில்லை. தம் பெயரில் உள்ள பகுதியை அவரால் விளக்க முடியவில்லை என்பதற்காகவே குறைத்தேன்.

கிணற்றுநீர் தம்பி, உங்கள் திட்டத்துக்கு நான் தேர்வாளராக வந்திருந்தால் ஒவ்வொருவரையும் தனியே அழைத்து, "ஃபுளோரைடு கூடினால் நிறம் அடர்த்தியாகுமா, வெளுக்குமா?" என்றுதான் கேட்டிருப்பேன். ஸ்பாட்ன்ஸ் சோதனையில் நிறம் வெளுக்கும், அளவீடு இறங்கும். கையால் செய்தவருக்கு அது கண்ணில் நிற்கும். செய்யாதவர் கூடும் என்றே ஊகிப்பார். இந்தச் சோதனையால் அளக்கக்கூடிய எல்லையான லிட்டருக்கு 1.4 மில்லிகிராமுக்கு மேல் போன மாதிரிகளை என்ன செய்தீர்கள் என்பது அடுத்த கேள்வி. நீர் சேர்த்து நீர்க்கச் செய்து மீண்டும் அளந்தோம் என்று, செய்தவர் யோசிக்காமல் சொல்லிவிடுவார்.

தமிழ்வழி

கேள்வி வேறாக இருந்தாலும் என் கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவள் நான். குழு அறிக்கையில் என் பகுதியை முழுவதும் நானே எழுதி, ஆங்கிலத்தை மட்டும் ஒரு கருவியில் கொடுத்துத் திருத்தினேன். வழிகாட்டி ஆசிரியர் ஒரு மென்பொருளின் திரையை என் பக்கம் திருப்பி, சிவப்பாக இருந்த எண்ணைக் காட்டி, "இதை யார் எழுதியது?" என்று குழுவினர் முன் கேட்டார். என் கையெழுத்துக் குறிப்பேட்டைக் கொண்டுவந்து காட்டிய பிறகுதான் விட்டார். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் தாங்களே எழுதிய டோஃபல் ஆங்கிலத் தேர்வுக் கட்டுரைகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றை இக்கருவிகள் இயந்திர எழுத்து என்று தவறாகச் சொன்னதாக 2023-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். திருத்துவதும் எழுதவைப்பதும் ஒன்றாகிவிடுமா என்பதற்கு எனக்கு இதுவரை யாரும் பதில் சொல்லவில்லை.

மென்பொருள்காரன்

என் அனுபவம் சிறியது: கல்லூரியில் எங்கள் குழுவில் ஒருவர் எதையும் செய்யாமலே தேறிவிட்டார். அதற்கு அப்போதே தீர்வு இருந்தது; அதை விளக்குகிறேன். குழுவில் உள்ள ஒவ்வொருவரும் தம்மையும் சேர்த்து அனைவருக்கும் மறைவாகப் புள்ளிகள் கொடுக்க வேண்டும். ஒருவர் கொடுத்த மொத்தப் புள்ளிகளை 1 என்று கொண்டு, அதில் ஒவ்வொருவருக்கும் போன பங்கைக் கணக்கிட வேண்டும். ஒருவர் எல்லோரிடமிருந்தும் பெற்ற பங்குகளைக் கூட்டினால் அவருடைய காரணி கிடைக்கும். குழுவின் சராசரிக் காரணி எப்போதும் 1. குழு மதிப்பெண் 72 என்று வையுங்கள். பாதியான 36-ஐ அனைவருக்கும் அப்படியே கொடுத்து, மீதி 36-ஐக் காரணியால் பெருக்க வேண்டும். காரணி 1.2 பெற்றவருக்கு 79.2 வரும், 0.6 பெற்றவருக்கு 57.6 வரும். பிரிட்டனின் லஃபரோ பல்கலைக்கழகத்தில் உருவான வெப்பிஏ என்ற மென்பொருள் இதே முறையைத்தான் பின்பற்றுகிறது. ஆசிரியர்கள் இதைக் கட்டாயமாக்கினால் யாரும் யாரையும் விசாரிக்க வேண்டியதில்லை. புள்ளிகளை மறுஆய்வுக்கு மறுஆய்வு வாங்கினால் இன்னும் நல்லது. கடைசியில் மட்டும் வாங்கினால் கடைசி வாரத்துச் சண்டைதான் அதில் தெரியும்.

கிணற்றுநீர்

அண்ணா, கணக்கு புரிகிறது. ஆனால் எங்கள் குழுவில் அந்தப் புள்ளிகளைத் தேர்வுக்கு முன்பு கேட்டிருந்தால், ஒட்டியவருக்குத்தான் அதிகம் விழுந்திருக்கும். குறித்த நாளில், குறித்த பக்க எண்ணிக்கையில், பிழையில்லாத ஆங்கிலத்தில் கொடுத்தவர் அவர் ஒருவர்தான். சோதனை செய்த நண்பனோ வெயிலில் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு, தன் பகுதியைத் தாமதமாகக் கொடுத்தான்.

வேதியியல் ஆசிரியை

தம்பி சொல்வது நியாயம். அதனால்தான் புள்ளியோடு ஒரு வரிக் காரணமும் எழுதி வாங்குகிறேன். "மாதிரி எடுத்தார்", "அளவீடு பார்த்தார்" என்பவற்றுக்குக் களக்குறிப்பேட்டில் தடயம் இருக்கும். மூவர் சேர்ந்து ஒருவரை ஒதுக்குவதும் அப்போதுதான் வெளிப்படும். பகிர்ந்து எழுதும் கூகுள் ஆவணத்தில் திருத்த வரலாற்றையும் பார்ப்பேன். ஆனால் மூன்று பக்கம் ஒரே நொடியில் வந்து விழுந்திருப்பதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது, வேறு கோப்பில் தட்டச்சு செய்து ஒட்டுபவர்களும் உண்டு. தமிழ்வழி தங்கைக்கு: திருத்தியதை அறிக்கையின் முன்பக்கத்தில் ஒரு வரியில் சொல்லிவிட்டால் நான் குறைக்க மாட்டேன். என் துறையிலேயே இதை ஏற்காதவர்கள் இருக்கிறார்கள்.

இரண்டாம்பக்கம்

மானியக் குழு விதியைப் பற்றி நீங்கள் சொன்னதைப் படித்துப் பார்த்தேன், ஏற்கிறேன். கையெழுத்தைப் பற்றிய என் கருத்து மாறவில்லை. இல்லாத எலக்ட்ரோடு அறிக்கையில் இருப்பதை, ஆய்வகத்தில் நின்ற மூவரில் ஒருவர் படித்திருந்தாலும் பார்த்திருப்பார். 6 மதிப்பெண் அதற்குப் போதாது.