வெளியீட்டுக் குறிப்பில் 11ஆவது வரியை யார் படிக்கிறார்கள்?

வணக்கம். மளிகைக் கடைகளுக்கான பில்லிங் மென்பொருள் ஒன்றை நானும் நண்பர் ஒருவரும் பராமரிக்கிறோம். சென்ற மாதம் 4.2 பதிப்பை வெளியிட்டோம். குறிப்பில் மொத்தம் 14 வரிகள், 11ஆவது வரி, "தரவுத்தள அமைப்பு மாற்றப்பட்டுள்ளது." புதிய பதிப்பு ஒருமுறை திறந்த கோப்பைப் பழைய பதிப்பு திறக்காது என்பதுதான் அதன் பொருள். கடைக்காரர் ஒருவர் இரண்டு கணினிகளில் ஒன்றை மட்டும் புதுப்பித்தார். மற்றொன்றில் காலை வியாபாரமே நின்றுவிட்டது. "எழுதியிருந்தோமே" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. (5.0 என்று எண்ணிட்டிருக்க வேண்டும். அதுவும் எங்கள் தவறுதான்.)

இப்போது முதல் வரியையே இப்படி மாற்றியிருக்கிறேன்:

"புதுப்பிக்கும் முன் எல்லாக் கணினிகளிலும் பில்லிங்கை மூடிவிட்டுக் காப்புப் பிரதி எடுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் புதுப்பியுங்கள். விடுபட்ட கணினியில் 'கோப்பைத் திறக்க இயலவில்லை' என்று வரும்."

புதிய வசதிகள் இதற்குக் கீழே; உள்கட்டமைப்பு மாற்றங்களை நீக்கிவிட்டேன்.

என் சிக்கல் வேறு. 4.1இலிருந்து நேராக 4.3க்குத் தாவுபவர் 4.2இன் குறிப்பைப் பார்க்கவே மாட்டார். இந்த எச்சரிக்கையை ஒவ்வொரு குறிப்பிலும் திரும்ப எழுதுகிறீர்களா, அல்லது நிறுவும்போதே பழைய பதிப்பைக் கண்டறிந்து திரையில் காட்டுகிறீர்களா? திரும்பத் திரும்ப எழுதினால் கண் பழகி அதையும் தாண்டிவிடுவார்களோ என்று தயங்குகிறேன். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.