தையல் பிரிவின் கூலி மாறுபாடு: வீண் நேரத்தைத் தனியே பிரித்த அனுபவம்

திருப்பூர், கணக்குப் பிரிவு: எங்கள் தையல் பிரிவில் ஒரு காலர் டி-ஷர்ட்டுக்கு அரை மணி நேரம், மணிக்கு 60 ரூபாய் என்று நிர்ணயித்திருந்தோம். ஓர் ஆர்டரில் 3,600 உருப்படிகள் தைத்து முடிக்க 2,000 மணி நேரத்துக்கு, மணிக்கு 63 ரூபாய் வீதம் 1,26,000 ரூபாய் கூலி கொடுத்தோம்; நிர்ணயப்படி ஆகியிருக்க வேண்டியது 1,08,000 ரூபாய். கூடுதலான 18,000 ரூபாயில் 6,000 ரூபாய் வீத மாறுபாடு என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை, ஏனெனில் அவசரத்துக்கு வெளியிலிருந்து கூடுதல் கூலிக்கு டெய்லர்களை அழைத்திருந்தோம். மீதி 12,000 ரூபாயை டெய்லர்களின் திறன் குறைவு என்று நிர்வாகம் எடுத்துக்கொண்டபோது, சூப்பர்வைசர் தம் லைன் நோட்டைக் கொண்டுவந்து காட்டினார். சாயப்பட்டறையிலிருந்து காலர் வராமல் டெய்லர்கள் சும்மா அமர்ந்திருந்த நேரம் 120 மணி என்று அதில் இருந்தது. அதற்கு 60 ரூபாய் வீதம் 7,200 ரூபாய் வீண் நேர மாறுபாடு. உண்மையில் தைத்த 1,880 மணிக்கும் தேவையான 1,800 மணிக்கும் இடைப்பட்ட 80 மணிக்குரிய 4,800 ரூபாய்தான் திறன் மாறுபாடு. டெய்லர்கள் மீது சுமத்தப்பட்டதில் பாதிக்கு மேல் கொள்முதல் பிரிவு பதில் சொல்ல வேண்டியதாக இருந்தது.

ஈரோடு, பயிற்சிக் கணக்காளர்: நேரத்தைப் பிரித்தது சரியே. ஆனால் காத்திருந்த நேரத்துக்கும் 63 ரூபாய் கொடுத்திருக்கிறீர்கள் என்பதால் வீண் நேரம் 7,560 ரூபாய் ஆகாதா?

கோவை, ஓய்வுபெற்ற அடக்கவிலைக் கணக்காளர்: கையை விட்டுப் போன தொகை 7,560 என்பது உண்மைதான். ஆனால் வீத மாறுபாட்டை 2,000 மணிக்கும் கணக்கிட்டபோதே அந்த 120 மணியின் கூடுதல் 3 ரூபாயும், அதாவது 360 ரூபாயும், அதில் சேர்ந்துவிட்டது. மீண்டும் சேர்த்தால் மூன்று மாறுபாடுகளின் கூட்டுத்தொகை 18,360 ஆகி, மொத்தத்தோடு பொருந்தாது. நான் பணியாற்றிய ஆலைகளில் இந்தக் கூட்டல் பொருந்தாதபோது முதலில் இதைத்தான் தேடுவேன்.

மதுரை, சிறு தையலகம் நடத்துபவர்: எங்களிடம் பீஸ் ரேட்தான். தைக்காத நேரத்துக்குக் கூலி இல்லை. ஆகவே எனக்கு வீண் நேரமே கிடையாது.

கோவை, ஓய்வுபெற்ற அடக்கவிலைக் கணக்காளர்: டெய்லர் கூலியில் இல்லாமல் இருக்கலாம். கைமடி, செக்கிங் ஆட்களுக்கு நாள் சம்பளம் என்றால், துணி வராத நேரத்துக்கும் அவர்களுக்குக் கொடுத்துக்கொண்டுதான் இருப்பீர்கள்.

மதுரை, சிறு தையலகம் நடத்துபவர்: நாள் சம்பளத்தில் நால்வர் இருக்கிறார்கள். அவர்கள் காத்திருக்கும் நேரத்தை இதுவரை குறித்து வைத்ததில்லை.

திருப்பூர், கணக்குப் பிரிவு: எனக்கு இன்னும் தெளிவாகாதது ஒன்று உண்டு. ஸ்டைல் மாறும்போது மெஷின்களை இடம் மாற்றி அமைக்கும் நேரத்தை வீண் நேரத்தில் எழுதுகிறோம். அதன்பின் கை பழகும்வரை மெதுவாகத் தைப்பது திறன் மாறுபாட்டில் விழுகிறது. சிறு ஆர்டர்கள் மிகுந்த மாதங்களில் இதனால் டெய்லர்கள் திறனற்றவர்களாகத் தோன்றுகிறார்கள்.

கோவை, ஓய்வுபெற்ற அடக்கவிலைக் கணக்காளர்: ஆர்டரின் அளவுக்கேற்ப நிர்ணய நேரத்தையே மாற்ற வேண்டும் என்பது என் கருத்து. சூப்பர்வைசர்கள் அதை ஏற்றார்கள். நிர்ணயம் தளர்ந்துவிடும் என்று முதலாளிகள் பெரும்பாலும் மறுத்தார்கள்.